மாட்டை விட்டுக் கோழிக்கு மாறினால் கணக்கு சரியாகுமா?

கேள்வி: "நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சிச் சந்தை நாளில் மாட்டு லாரிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் கேரளத்துக்குள் போகும். அதைப் பார்க்கச் சகிக்காமல் மாட்டுக்கறியை விட்டுவிட்டுக் கோழிக்கு மாறிவிட்டேன். கல்லூரியில் படிக்கும் தம்பி 'அதுவும் ஸ்பீஷீசிசம்தான்' என்கிறான். ஆறறிவுள்ள மனிதனும் ஐந்தறிவு மாடும் ஒன்றா? அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?"

ஒன்று இல்லை. ஒன்று என்று அந்த வார்த்தையை உருவாக்கியவரும் சொல்லவில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் ரைடர் 1970-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில்தான் அது முதலில் வந்தது. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1975-இல் எழுதிய பிறகு உலகமெங்கும் பரவியது. இரண்டு உயிர்களுக்கு ஒரே அளவு வலி இருக்கும்போது, ஒன்று வேறு இனம் என்ற ஒரே காரணத்துக்காக அதன் வலியைக் குறைத்து எடைபோடுவதுதான் ஸ்பீஷீசிசம். தமிழில் உயிரினப் பாகுபாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே "ஒரே அளவு", "ஒரே காரணம்" என்ற இரண்டையும் விட்டுவிட்டால் பேச்சு திசைமாறிவிடும். மாட்டுக்கு ஓட்டுரிமை வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். அவற்றை இழந்தால் அதற்கு எந்த நஷ்டமும் இல்லை. வால் எலும்பு முறிந்தால் வலிக்கும். நமக்கு விரல் முறிந்தால் எப்படி வலியோ அப்படி. அந்த வலியை எடைபோடும்போது "மாடுதானே" என்று தட்டைத் தூக்கிவிடுவதைத்தான் உங்கள் தம்பியின் வார்த்தை குறிக்கிறது. இருவரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று அது கேட்கவில்லை. இருவருக்கும் பொதுவாக உள்ள நலனுக்கு ஒரே எடை கொடு என்றுதான் கேட்கிறது.

இனி ஆறாவது அறிவு. நம் பக்கம் விலங்குகளைப் பற்றி எந்தப் பேச்சு எடுத்தாலும் வந்து நிற்கும் வாதம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்த வரிசை தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு என்ற ஓரறிவு, அதன்மேல் ஒவ்வொரு புலனாகக் கூடி, மனம் சேரும்போது ஆறு. ஆனால் அதே இடத்தில் "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்றும் வருகிறது. மனித உருவில் உள்ள ஒரு சாராரையும் விலங்கோடு சேர்த்து ஐந்தில் வைக்கிறார். விலங்குகளில் ஒரு சாரார் ஆறில் சேர்வார்கள் என்ற குறிப்பும் உண்டு. கிளி, குரங்கு, யானை என்று உரைகாரர் எடுத்துக்காட்டுகிறார். அதாவது தொல்காப்பியர் உயிர்களை அடுக்கியது திறனை வைத்து. எந்த இனத்தில் பிறந்தது என்பதை வைத்து மட்டும் அல்ல. இன்று "ஆறறிவு" என்று நாம் சொல்லும்போது திறனைப் பற்றிப் பேசுவதுபோல் தொடங்கி, கடைசியில் இனத்தைத்தான் சொல்கிறோம்.

இப்படி இரண்டும் கலந்துகிடப்பதைப் பிரித்துக் காட்ட ஒரு சோதனை உண்டு. யோசிப்பது, திட்டமிடுவது, நியாயம் பேசுவது, இவைதான் ஒருவரின் வலிக்கு எடை கொடுக்கின்றன என்றால், மூன்று மாதக் குழந்தையின் வலிக்கு எடை குறைய வேண்டும். மறதி நோய் முற்றிப் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் படுத்திருக்கும் பாட்டிக்கு மயக்க மருந்து கொடுக்காமல் அறுவை செய்தாலும் பரவாயில்லை என்றாக வேண்டும். யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். அப்படியானால் வலிக்கு எடை கொடுப்பது ஆறாவது அறிவு இல்லை. குழந்தை, பாட்டி, மாடு மூவருக்கும் பொதுவாக இருக்கிற, நோகும் தன்மைதான். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியான நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் சொன்னதும் இதையே: யோசிக்க முடியுமா, பேச முடியுமா என்று கேட்காதே, நோக முடியுமா என்று கேள்.

இந்த வாதத்தை எடுத்துப் பேசுகிறவர்கள் ஒரு இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இது மாட்டை மேலே தூக்கும் வாதம். பாட்டியைக் கீழே இறக்கும் வாதமாக ஒருபோதும் ஆகிவிடக் கூடாது. அறிவுத்திறன் குறைந்த மகளை வளர்த்த தத்துவ அறிஞர் ஈவா கிட்டே, தன் மகளை விலங்கோடு ஒப்பிட்டு நடத்தப்படும் இந்த விவாதத்தையே கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. மனிதர்களை "மாக்கள்" என்று ஒதுக்கி வைத்த வரலாறு நம் ஊரில் புத்தகத்துக்கு வெளியேயும் நிறையவே உண்டு.

கிட்டே போன்றவர்கள் சொல்லும் மறுப்புதான் ஸ்பீஷீசிசம் என்ற குற்றச்சாட்டுக்கு வந்த பதில்களிலேயே வலுவானது என்பது என் கருத்து. பாட்டி நமக்கு முக்கியமாவது அவரிடம் என்ன திறன் மிச்சம் இருக்கிறது என்பதால் இல்லை. அவர் நம்மவர், உறவுக்குள் இருப்பவர் என்பதால். திறனைக் கணக்குப் பார்த்து அன்பு செலுத்துவதே தவறு. அப்படியிருக்க, மனிதர்க்கு மனிதர் கூடுதல் அக்கறை காட்டுவதில் பாகுபாடு எங்கே இருக்கிறது?

இதை முழுவதுமாக ஒப்புக்கொண்டாலும் அது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும். என் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நான் கட்டுகிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கட்டவில்லை, அதில் குற்றமில்லை. என் பிள்ளைக்குக் கட்டுவதற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உண்டியலை உடைத்தால் குற்றம். உறவு என்பது நம்மவர்க்குக் கூடுதலாகக் கொடுக்கக் காரணமாகும். உறவில்லாதவர்மீது நம் சின்ன வசதிக்காகப் பெரிய துன்பத்தை ஏற்றக் காரணமாகாது. வெள்ளத்தில் மாட்டையும் மனிதனையும் கண்டால் மனிதனை முதலில் தூக்குங்கள், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாட்டு லாரியில் நடப்பது வெள்ளம் இல்லை.

லாரிக்கு வருவோம். 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன. 2016 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் வீதம் தனித்தனித் தடுப்பு வேண்டும் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் கணக்குதான். இருபது அடி நீளம், ஏழு அடி அகலம் உள்ள தளம் பதின்மூன்று சதுர மீட்டர் வரும். ஆறு மாடு அடங்கும். இப்போது அதே தளத்தில் பதினெட்டு மாடுகளை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவு. படுக்க இடமில்லை, திரும்ப இடமில்லை. மூக்கணாங்கயிற்றைக் கம்பியோடு இழுத்துக் கட்டியிருப்பதால் தலையைத் தாழ்த்தவும் முடியாது. வளைவில் கால் வழுக்கி ஒன்று விழுந்தால் மற்றவை அதன்மேல் மிதித்தபடி நிற்கும். விழுந்ததை எழுப்ப வாலை முறுக்குவதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் அதற்குப் பிறகு நடப்பவை. ஓட்டுபவர் கொடியவர் என்பதால் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். இடமில்லாத இடத்தில் விழுந்த முந்நூறு கிலோ உயிரை எழுப்ப அவருக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சந்தைக்கு வந்த மாட்டுக்கு அது கடைசிக் கட்டம் மட்டுமே.

இதற்கு ஈடாக மனிதருக்குக் கிடைக்கும் நன்மை என்ன? கணக்குக்காக லாரி வாடகை ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாடு ஏற்றினால் தலைக்கு ஆயிரம். பதினெட்டு ஏற்றினால் தலைக்கு 333. வித்தியாசம் 667 ரூபாய். முந்நூறு கிலோ மாட்டில் ஏறக்குறையப் பாதி, நூற்றைம்பது கிலோ, கறியாகும். ஆக, கிலோவுக்கு நாலரை ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. வாடகை இரட்டிப்பானாலும் ஒன்பது ரூபாயைத் தாண்டாது. ஒரு தட்டில் பல மணி நேர நெரிசலும் முறிந்த வாலும், மறு தட்டில் கிலோவுக்கு ஐந்து, பத்து ரூபாய். இதே நெரிசலில் மனிதரை ஏற்றி டிக்கெட்டைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டால் யோசிக்காமலே மறுப்போம். மாட்டுக்கு மட்டும் சரி என்றால், அந்த இடைவெளியை நிரப்புவது இனம் ஒன்றுதான். ஸ்பீஷீசிசம் கண்ணுக்குத் தெரியும் இடம் இது. மாட்டைக் கொல்லலாமா கூடாதா என்ற பெரிய கேள்விக்குள் போகாமலேயே இதுவரை வந்துவிட்டோம் என்பதையும் கவனியுங்கள்.

1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் "தேவையற்ற" வலியைத்தான் தடுக்கிறது. எது தேவை என்பதைப் பழக்கம் தீர்மானித்துவிடுவதால் அந்தச் சொல் எவ்வளவு வேண்டுமானாலும் விரிந்துகொடுக்கிறது. அந்தச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. மேலே போட்ட கணக்கில் மூன்று லாரிக்குப் பதில் ஒன்றில் ஏற்றியதால் மிச்சமானது பன்னிரண்டாயிரம். விதி ஏன் சாலைக்கு வந்து சேரவில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களுமே போதும். தெரிந்துகொள்ள ஒரு அடையாளம் கறிக்கடையிலேயே உண்டு. நீண்ட நேரம் அலைக்கழிக்கப்பட்ட மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோவதால், அறுத்த பிறகு கறியில் போதிய அமிலம் சேராது. அந்தக் கறி கருஞ்சிவப்பாக, மேலே உலர்ந்து, கையில் ஒட்டும். சீக்கிரம் கெடும்.

இங்கேயே பாலையும் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு நேர்மையாக இருக்காது. உங்கள் பக்கம் பால் சங்கங்கள் நிறைந்த பகுதி. பசு பால் கொடுக்கக் கன்று ஈன வேண்டும். ஈனுவதில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்று. திமில் இல்லாத கலப்பினக் காளை ஏருக்கும் வண்டிக்கும் ஆகாது. பசுவும் சில ஈற்றுகளுக்குப் பிறகு கறவை குறைந்து, தீவனச் செலவுக்குக் கட்டுபடியாகாமல் போகும். இரண்டும் போய்ச் சேர்வது அதே சந்தைக்கு, அதே லாரிக்கு. ஆகவே மாட்டுக்கறி தின்பவரைப் பார்த்துப் பால் குடிப்பவர் முகம் சுளிக்க இந்த வாதத்தில் இடமே கிடையாது. உணவைக் காட்டிச் சாதியால் மனிதரை இழிவுபடுத்தியவர்கள் இதைக் கருவியாக எடுத்தால், வாதம் முதலில் அவர்களையே வெட்டும். பசுவைப் புனிதம் என்று காத்து, எருமையையும் ஆட்டையும் கணக்கில் சேர்க்காத நிலைப்பாடும் உயிரினப் பாகுபாட்டின் இன்னொரு வடிவம்தான். எருமைக்கு வலி குறைவு என்று யாரும் காட்டியதில்லை.

இப்போது உங்கள் கோழி. தம்பி சொன்னது சரி என்றே நினைக்கிறேன், ஆனால் ஏன் சரி என்பதை எண்களோடு பார்த்தால்தான் விளங்கும். ஒரு மாட்டில் நூற்றைம்பது கிலோ கறி. பிராய்லர் கோழி ஒன்றைச் சுத்தம் செய்தால் ஒன்றரைக் கிலோ கிடைக்கும். அதே அளவு கறிக்கு நூறு கோழி. மாட்டிலிருந்து கோழிக்கு மாறிய ஒருவர், தன் தட்டுக்காக அல்லல்படும் உயிர்களின் எண்ணிக்கையை நூறு மடங்காக்குகிறார்.

கோழிக்கு வலி குறைவாக இருக்குமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தீயில் பட்ட காலைச் சட்டென இழுப்பது மட்டும் வலி இருப்பதற்குச் சான்றாகாது; அது தண்டுவட அளவிலேயே நடந்துவிடும் அனிச்சை. வலியை உணரும் உயிர் அதைத் தவிர்க்க ஏதாவது விலை கொடுக்கும், மருந்து கிடைத்தால் தேடிப் போகும். 2000-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கால் ஊனமான பிராய்லர்களுக்கும் நன்றாக நடக்கும் பிராய்லர்களுக்கும் இரண்டு வகைத் தீவனம் வைத்தார்கள். ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்திருந்தது. ஊனமானவை மருந்துத் தீவனத்தைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தன. ஊனம் கூடக் கூட உட்கொண்ட மருந்தும் கூடியது. ஒரே ஆய்வால் எல்லாம் நிரூபணமாகிவிடாது. ஆனால் கோழிக்கு நோகாது என்று சொல்ல வேண்டுமானால் இதற்கு ஒரு விளக்கம் தர வேண்டும். பிராய்லருக்குக் கால் ஊனமாவது விபத்தும் இல்லை. ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி வளர்க்கப்பட்ட இனம் அது. மார்புச் சதை கூடும் வேகத்துக்கு எலும்பு ஈடுகொடுக்காது.

சரி, சந்தேகத்துக்கு இடம் கொடுத்தே எடைபோடுவோம். கோழியின் துன்பத்தை மாட்டின் துன்பத்தில் பத்தில் ஒரு பங்காகக் கழித்தாலும், நூறு கோழிக்குப் பத்து மாட்டின் எடை வந்துவிடுகிறது. நூறில் ஒரு பங்குக்குக் கீழே கழித்தால்தான் உங்கள் மாற்றம் லாபமாகும். அப்படிக் கழிக்க என்ன ஆதாரம் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மாட்டின் கண் பெரியது, நம்மைப் பார்க்கிறது, பெயர் சொன்னால் திரும்புகிறது. கூண்டில் அடுக்கிய வெள்ளைக் கோழிகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை. நம் மனம் இரங்கும் அளவு மாறுகிறதே ஒழிய அவற்றின் வலி மாறவில்லை. தம்பியின் வார்த்தை பொருந்துவது இந்த இடத்தில்தான். உங்கள் இரக்கத்தில் குறையில்லை, அது கோழிக்கூண்டு வரை போகாமல் நின்றுவிட்டது.

கொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. வலியும் சாவும் தனித்தனிக் கேள்விகள். வலியில் இணையாக நிற்கும் இரண்டு உயிர்கள் சாவில் இணையாக நிற்க வேண்டும் என்பதில்லை. நாளையைப் பற்றி ஆசையும் திட்டமும் வைத்திருக்கும் உயிருக்குச் சாவு பறிப்பது அதிகம் என்பது சிங்கரின் நிலை. அது ஸ்பீஷீசிசம் ஆகாது, ஏனென்றால் அங்கே அளவுகோல் திறன், இனம் இல்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் டாம் ரீகன் 1983-இல் இதை மறுத்தார். தன் வாழ்வு தனக்கே நல்லதாகவோ கெட்டதாகவோ அமையும் எந்த உயிருக்கும் உரிமை உண்டு, லாபநட்டக் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது என்பது அவர் வாதம். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. லாரியையும் கூண்டையும் தீர்ப்பதற்கு அது தீரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை.

நீதிமன்றங்களும் இந்தப் பாதையில் கொஞ்சம் நடந்திருக்கின்றன. 2000-இல் சர்க்கஸ் விலங்குகள் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், சட்ட உரிமைகள் மனிதருக்கு மட்டுமே உரியவையாக இருக்கக் கூடாது என்றது. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஸ்பீஷீசிசம் என்ற கருத்தையே தீர்ப்பில் எடுத்து விளக்கியது. 2023-இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றது. ஆக, இன்றைய சட்டத்தில் மாடு நம் கடமைக்கு உரியது. அரசியல் சாசனம் தரும் உரிமைக்கு உரியதாக இன்னும் ஆகவில்லை.

நடைமுறைக்கு என்ன செய்யலாம் என்றால், முதலில் குறைக்க வேண்டியது பிராய்லர் கறி, அதோடு கூண்டுக் கோழி முட்டை. ஒரு கிலோவுக்கு அதிக உயிர்களின் துன்பம் சேர்வது இவற்றில்தான். அந்த இடத்தில் பருப்பு, கடலை, சோயா வந்தால் மாட்டின் கணக்கிலும் கோழியின் கணக்கிலும் பாரம் குறையும். பால் அடுத்தது. கறியை முழுக்க விட முடியாது, வாரம் ஒரு நாளாவது வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த ஒரு நாள் கோழியாக இருப்பதைவிட மாடாக இருப்பதே உயிர்களுக்குச் செய்யும் தீங்கில் குறைவு. தீவனத்தையும் சூழலையும் கணக்கில் சேர்த்தால் முடிவு வேறாக வரலாம்; நீங்கள் கேட்டது விலங்கைப் பற்றி என்பதால் அந்தக் கணக்கை மட்டும் சொன்னேன்.